மூன்று வாரம் கழித்து ‘வர இயலாது’ என்று எழுதுவது: தாமதமான மறுப்புக் கடிதத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாம்பனில் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மனு, விண்ணப்பம், கடிதம் என்று எதை எழுத வேண்டுமானாலும் அக்கம்பக்கத்தார் என் வீட்டுத் திண்ணைக்கு வருவது வழக்கமாகிவிட்டது. அவற்றுள் எழுதுவதற்குக் கடினமானது, வந்து பல நாளாகிவிட்ட அழைப்புக்கு ‘வர இயலாது’ என்று பதில் எழுதும் கடிதம். ஊர் பேர் தெரியாதவருக்கு மனு எழுதும்போது தடுமாறாதவர்கள்கூட இதில் தடுமாறுகிறார்கள்.

இரண்டு வேறு செய்திகளை ஒன்றாகக் குழைத்துவிடுவதுதான் இதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. ஓர் அழைப்பை மறுப்பது தவறல்ல. யாருக்கும் அந்த உரிமை உண்டு. பதில் சொல்லாமல் வைத்திருந்தது தவறு. மன்னிப்பு இரண்டாவதற்கு மட்டும் உரியது. கீழே சொல்லும் வரிசை முழுவதும் இந்தப் பிரிவினையைக் காப்பாற்றுவதற்காக அமைந்தது.

எடுத்துக்காட்டாக, நான் உடனிருந்து எழுத உதவிய ஒரு கடிதத்தையே பின்தொடர்கிறேன். கடற்பாசி எடுக்கும் பெண்கள் குழு ஒன்றின் தலைவியை, மார்ச் 8 மகளிர் தின விழாவில் பேச வருமாறு ஒரு கல்லூரிப் பேராசிரியை அழைத்திருந்தார். கடிதத்தில் இருந்த தேதி பிப்ரவரி 2; கைக்குக் கிடைத்தது 5ஆம் தேதி. தலைவி அதைப் படித்துவிட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். என் திண்ணைக்கு அவர் வந்தது பிப்ரவரி 26ஆம் தேதி காலையில்.

1. எழுதுவதற்கு முன் அழைப்பை மறுபடி படியுங்கள்

பேனாவை எடுப்பதற்கு முன் அழைப்புக் கடிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு நான்கு செய்திகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாள், பதில் கேட்டிருந்த கடைசி நாள், விழா நடக்கும் நாள், உங்களிடம் கேட்கப்பட்டது என்ன என்பவையே அவை. பார்வையாளராக வரச் சொன்னார்களா, பேசச் சொன்னார்களா, தலைமை தாங்கச் சொன்னார்களா என்பதைப் பொறுத்து உங்கள் தாமதத்தால் அவர்களுக்கு நேர்ந்த இடையூறும் மாறும்.

நினைவிலிருந்து எழுதுவோர் இங்கேயே சறுக்குகிறார்கள். தலைவி என்னிடம் ‘கடிதம் வந்து ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்’ என்றுதான் சொன்னார். எண்ணிப் பார்த்தால் இருபத்தொரு நாள். 15ஆம் தேதிக்குள் பதில் வேண்டும் என்று கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருந்ததும் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. ‘பத்து நாள் தாமதத்துக்கு மன்னிக்கவும்’ என்று அவர் எழுதியிருந்தால், மன்னிப்புக் கடிதத்திலேயே ஒரு பொய் புகுந்திருக்கும். பெறுபவரோ நாட்களைச் சரியாக எண்ணி வைத்திருப்பவர்.

2. முடிவை முழுதாக எடுத்த பிறகே தொடங்குங்கள்

பாதி மனத்தோடு எழுதும் கடிதத்தில் ‘முயன்று பார்க்கிறேன்’, ‘சூழ்நிலை அமைந்தால் வருகிறேன்’ போன்ற சொற்கள் தாமாக வந்து உட்கார்ந்துவிடும். உரிய காலத்தில் எழுதிய பதிலில் அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் காத்திருந்தவரிடம் மேலும் காத்திருக்கச் சொல்வது முதல் தவறைவிடப் பெரிய தவறு.

தலைவிக்கும் அந்த ஊசலாட்டம் இருந்தது. அந்த ஆண்டு மார்ச் 8, அமாவாசையை ஒட்டிய பாசி எடுக்கும் நாட்களுள் விழுந்தது. அமாவாசை, பௌர்ணமி என இரண்டையும் ஒட்டித் தலா ஆறு நாள், ஆக மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று பெண்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். காலையில் கடலுக்குப் போய்விட்டுப் பகல் பதினொரு மணி விழாவுக்கு ராமநாதபுரம் போய்ச் சேர முடியுமா என்று அவர் மூன்று வாரமாக மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முடியாது என்பதை என் முன்னால் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் நான் தாளை எடுத்தேன்.

3. விழா இன்னும் நடக்கவில்லை என்றால் முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள்

கடிதம் எழுதுவதற்குத்தானே வந்தோம், எதற்குத் தொலைபேசி என்று பலரும் கேட்கிறார்கள். அழைப்பிதழ் எப்போது அச்சுக்குப் போகும் என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அழகாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் பிற்பகலில் உங்கள் பெயரோடு ஐந்நூறு படிகள் அச்சாகிக்கொண்டிருக்கலாம். மறுப்பு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறதோ அவ்வளவு நல்லது. மன்னிப்பு ஒரு நாள் பொறுத்துக் கடிதமாகப் போகலாம்.

பேசும்போது மறுப்பு முதல் வாக்கியத்திலேயே வர வேண்டும். நலம் விசாரித்து, கல்லூரியைப் பாராட்டி, பிறகு மெதுவாகச் சொல்லலாம் என்று தொடங்கினால், எதிர்முனையில் இருப்பவர் ‘ரொம்ப மகிழ்ச்சி, எத்தனை மணிக்கு வண்டி அனுப்பட்டும்?’ என்று கேட்டுவிடுவார். தலைவி பேசியது ஏறத்தாழ இவ்வளவுதான்: “அம்மா, பாம்பனிலிருந்து பேசுகிறேன். எட்டாம் தேதி விழாவுக்கு என்னால் வர முடியாதம்மா. இதை மூன்று வாரத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு. கடிதமும் எழுதி அனுப்புகிறேன்.”

அதன் பிறகு நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அழைப்பிதழ் அச்சாகிவிட்டதா? பேராசிரியை சொன்ன பதில் கடிதத்துக்கு மிகவும் பயன்பட்டது. இந்தப் பதிலுக்காகவே அச்சுக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தாராம். தாமதத்தின் விலை என்ன என்பது இப்போது நமக்குத் தெரிந்துவிட்டது.

தொலைபேசியில் சொல்லியாகிவிட்டதே, கடிதம் எதற்கு என்ற எண்ணம் அடுத்து வரும். அழைத்தவர் தனி ஆளாக அழைக்கவில்லை. முதல்வரிடமும் விழாக்குழுவிடமும் உங்கள் பெயரைச் சொல்லி ஒப்புதல் பெற்று அழைத்திருப்பார். அவர் கையில் காட்டுவதற்கு ஒரு தாள் இருந்தால்தான், பேச்சாளர் கிடைக்காமல் போனது தன் கவனக்குறைவால் அன்று என்று அவரால் சொல்ல முடியும்.

4. மறுப்பைப் ‘பொருள்’ வரியில் வையுங்கள்

தலைவி தாமாகவே ஒரு வரைவு எழுதிக் கொண்டுவந்திருந்தார். கல்லூரியின் பெருமை பற்றி ஆறு வரி, பெண் கல்வி பற்றி நான்கு வரி, தம் குழு பற்றி ஐந்து வரி, கடைசியில் ‘ஆகவே தவிர்க்க முடியாத காரணங்களால் கலந்துகொள்ள இயலாத நிலையில் உள்ளேன்’ என்ற ஒரு வரி. ‘ஆகவே’ என்ற சொல் எதிலிருந்து பிறந்தது என்று கேட்டேன், அவரே சிரித்துவிட்டார்.

அலுவல் கடிதத்துக்கு நாம் பள்ளியில் கற்ற ‘பொருள்’ என்ற வரி இங்கே நன்றாக உதவுகிறது. ‘மார்ச் 8 விழாவில் கலந்துகொள்ள இயலாமை, தாமதமான பதிலுக்கு மன்னிப்பு’ என்று அங்கே எழுதிவிட்டால், உறையைப் பிரித்தவுடன் முடிவு தெரிந்துவிடும். அதனால் கடிதத்தின் உடலில் மன்னிப்பை அவசரமின்றி முதலில் சொல்லவும், மறுப்பைத் தனிப் பத்தியில் தெளிவாக வைக்கவும் இடம் கிடைக்கிறது. பொருள் வரி இல்லாத சொந்தக் கடிதம் என்றால், மறுப்பையும் மன்னிப்பையும் முதல் பத்திக்குள்ளேயே சொல்லிவிடுங்கள்.

விளிச்சொல்லையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். முன்பின் அறியாத பேராசிரியைக்கு ‘மதிப்பிற்குரிய அம்மா’ போதும். நெருங்கியவரை எப்போதும் எப்படி அழைப்பீர்களோ அப்படியே விளிக்க வேண்டும். கீழக்கரைப் பக்கம் ‘காக்கா’ என்று அழைத்துப் பழகிய மூத்தவருக்குத் திடீரென்று ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று எழுதினால், மன்னிப்புக் கேட்பதாக அவர் நினைக்க மாட்டார்; உறவை முறிக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்.

5. மன்னிப்பு: வினைமுற்றைக் கவனியுங்கள்

மன்னிப்புக் கடிதங்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது இந்தப் பத்தியில்தான். தமிழில் தவறு செய்த ஆளை மறைப்பதற்கு வசதியான தொடர்கள் ஏராளமாக இருக்கின்றன. ‘பதில் அனுப்ப இயலாமல் போய்விட்டது’ என்று எழுதினால், ஏதோ புயல் வந்து தபால்பெட்டியைக் கொண்டுபோய்விட்டது போல ஒலிக்கிறது. ‘தாமதம் ஏற்பட்டுவிட்டது’ என்பதிலும் தாமதம் தானே முளைத்தது போல இருக்கிறது. ‘நான் பதில் எழுதவில்லை’ என்ற தொடரில்தான் ஓர் ஆள் நிற்கிறார். எழுவாயில் ‘நான்’ வர வேண்டும், வினை அந்த ‘நான்’ செய்ததாக அல்லது செய்யாததாக இருக்க வேண்டும் என்பதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எந்தச் சொல்லால் மன்னிப்புக் கேட்பது என்ற கேள்வி. ‘மன்னிக்கவும்’ என்பது பேருந்தில் கால் மிதித்துவிட்டால் சொல்லும் சொல்; வேகமாகச் சொல்லிக் கடந்துபோவதற்கு ஏற்றது. ‘வருந்துகிறேன்’ என்பதை ரயில் நிலைய ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு, அதில் யாரும் வருந்தவில்லை என்பது நம் காதுக்குப் பழகிவிட்டது. ‘மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்’ என்பதில் கேட்பவர் செய்யும் செயல் தெரிகிறது. எழுத்தில் நான் இதையே பயன்படுத்தச் சொல்கிறேன்.

‘சிரமம் ஏற்பட்டிருந்தால் மன்னிக்கவும்’ என்ற ‘இருந்தால்’ எந்தக் கடிதத்திலும் வேண்டாம். சிரமம் ஏற்பட்டதா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். நாம் தொலைபேசியில் கேட்டோம். ஆகவே அழைப்பிதழ் அச்சுக்குப் போகாமல் நின்றதையும், வேறு பேச்சாளரைத் தேடும் நாட்கள் குறைந்துபோனதையும் பெயர் சொல்லி எழுதலாம். ஒரு மன்னிப்பு உண்மையானது என்பதைப் பெறுபவர் அறிந்துகொள்வது ‘மனமார’, ‘உளமார’ போன்ற அடைமொழிகளால் அன்று. தமக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதியவர் அறிந்திருக்கிறார் என்பதைக் கொண்டுதான்.

தாமதத்தின் காரணத்தை ஒரே வாக்கியத்தில், உள்ளபடி எழுதுங்கள். தலைவிக்கு இது பெரும் கூச்சமாக இருந்தது. கடிதம் தாமதமாகக் கிடைத்தது என்று போட்டுவிடலாமா என்று கேட்டார். உறையில் அஞ்சல் முத்திரை இருக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, அப்படி எழுதினால் மன்னிப்பே தேவையில்லையே. தபால்காரர்தானே மன்னிப்புக் கேட்க வேண்டும்? ‘முடியாது என்று சொல்லத் தயங்கித் தள்ளிப்போட்டேன்’ என்ற உண்மையை எழுதச் சம்மதித்தார். இதைப் படித்து யாரும் கோபப்பட்டு நான் கண்டதில்லை. ஏனெனில் எல்லோரும் ஏதாவது ஒரு கடிதத்தை அப்படித் தள்ளிப்போட்டவர்கள்தான்.

மன்னிப்பு ஒரு முறை போதும். தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ‘மீண்டும் ஒருமுறை’ என்று இன்னொன்று எழுதினால், பெறுபவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவார். அது அவருக்கு இன்னொரு வேலை.

6. மறுப்புக்குக் காரணம் ஒன்று, அதுவும் உண்மையானது

மறுப்பின் காரணமும் தாமதத்தின் காரணமும் வேறு வேறு. ‘பாசி எடுக்கும் நாட்கள் என்பதால் வர இயலாது’ என்பது மறுப்பின் காரணம். ‘பாசி வேலையால் பதில் எழுதவில்லை’ என்று அதையே தாமதத்துக்கும் நீட்டினால், மாதத்தின் மற்றப் பதினெட்டு நாள் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி எழும்.

மூன்று காரணம் அடுக்கினால் ஒன்றும் நிற்காது. உடல்நிலை என்று பொய் சொல்வது இன்னும் மோசம். நம் கடற்கரையில் எவர் எந்த நாளில் கடலில் இறங்கினார் என்பது மாலைக்குள் ஊருக்குத் தெரியும். காய்ச்சல் என்று எழுதியவர் நீர்க்கண்ணாடியோடு வள்ளத்தில் நிற்கும் படம் யாருடைய வாட்ஸ்அப் நிலைத்தகவலிலாவது வந்துவிடும். காரணம் குடும்ப விஷயமாக இருந்து சொல்ல விருப்பமில்லை என்றால், ‘அன்று வீட்டில் இருந்தாக வேண்டிய நிலை’ என்று நிறுத்திக்கொள்ளலாம். சொல்லாமல் விடுவது பொய்யாகாது.

7. மாற்று ஆள்: கேட்டுவிட்டு எழுதுங்கள்

இது கட்டாயமில்லை. ஆனால் உங்கள் தாமதம் அவர்களுடைய நாட்களைத் தின்றிருக்கிறது என்றால், திருப்பிக் கொடுக்கக்கூடியது இது ஒன்றுதான். ‘வேறு யாரையாவது அழைத்துக்கொள்ளுங்கள்’ என்பது உதவி அன்று. பெயர், தொலைபேசி எண், அவர் அந்த நாளில் வரச் சம்மதித்திருக்கிறார் என்ற உறுதி ஆகிய மூன்றும் இருந்தால் மட்டும் எழுதுங்கள். அவரிடம் கேட்காமல் பெயரைக் கொடுத்துவிட்டு, அவரும் மறுக்க நேர்ந்த கதை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். பாவம், விழாக்குழுவினர் இருமுறை ஏமாந்தார்கள்.

தலைவியின் குழுவில், வயது காரணமாகக் கடலில் இறங்குவதை நிறுத்திவிட்ட மூத்த பெண் ஒருவர் இருந்தார். என் திண்ணையிலிருந்தே அவருக்குப் பேசினோம். ‘நான் என்னத்தைப் பேசுவது?’ என்று தொடங்கி, பத்து நிமிடத்தில் என்னவெல்லாம் பேசலாம் என்று அவரே சொல்லத் தொடங்கிவிட்டார்.

‘அடுத்த ஆண்டு கட்டாயம் வருகிறேன்’ என்று ஈடுகட்ட வேண்டாம். அடுத்த ஆண்டு உங்களை அழைப்பார்களா என்பதே அவர்கள் முடிவு.

8. முழுக் கடிதம்

அனுப்புநர், பெறுநர் முகவரிகளை விட்டுவிட்டு மற்றதைத் தருகிறேன்.

> நாள்: பிப்ரவரி 26
>
> மதிப்பிற்குரிய அம்மா,
>
> பொருள்: மார்ச் 8 விழாவில் கலந்துகொள்ள இயலாமை, தாமதமான பதிலுக்கு மன்னிப்பு.
>
> மகளிர் தின விழாவில் பேச வருமாறு தாங்கள் பிப்ரவரி 2 தேதியிட்டு எழுதிய கடிதம் 5ஆம் தேதியே என் கைக்குக் கிடைத்தது. 15ஆம் தேதிக்குள் பதில் வேண்டும் என்று தாங்கள் கேட்டிருந்தும் நான் இன்றுவரை எழுதவில்லை. வர முடியாது என்று சொல்லத் தயங்கி, நாளை எழுதலாம் என்று தள்ளிப்போட்டதே காரணம். என் பதிலை எதிர்பார்த்துத் தாங்கள் அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததை இன்று பேசியபோது அறிந்தேன். வேறு ஒருவரை ஏற்பாடு செய்யத் தங்களுக்கு இருந்த நாட்களும் என்னால் குறைந்துவிட்டன. இதற்காகத் தங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> விழாவில் என்னால் கலந்துகொள்ள இயலாது. மார்ச் 8, அமாவாசையை ஒட்டி நாங்கள் பாசி எடுக்கும் ஆறு நாட்களுள் ஒன்று. மாதத்தில் எங்களுக்கு இருப்பது பன்னிரண்டு நாட்களே என்பதால், குழுவோடு நானும் கடலில் இருந்தாக வேண்டும்.
>
> எங்கள் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் அன்று வரச் சம்மதித்திருக்கிறார். பல ஆண்டுகள் பாசி எடுத்தவர், நன்றாகப் பேசுவார். அவருடைய பெயரையும் எண்ணையும் கீழே எழுதியிருக்கிறேன். தாங்கள் ஏற்கெனவே வேறு ஒருவரை முடிவு செய்திருந்தால் அவர் தவறாக எண்ண மாட்டார்.
>
> என்னை நினைத்து அழைத்தமைக்கு நன்றி.
>
> இப்படிக்கு,

‘இதற்கு உடனே பதில் தரவும்’ என்று கடைசியில் சேர்க்கத் தலைவி விரும்பினார். மூன்று வாரம் பதில் தராதவர் உடனே பதில் கேட்பது பொருந்தாது என்பதால் நீக்கினோம்.

9. அனுப்புவதும் அதன் பிறகும்

கடிதத்தைப் படம் எடுத்து அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, மூலத்தை விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். பயணச் செலவுக்கென்று முன்பணம் ஏதும் வந்திருந்தால், அதைத் திருப்பி அனுப்பிய விவரம் கடிதத்திலேயே இருக்க வேண்டும். நீல நிறக் குறி விழுந்த பிறகும் பதில் வரவில்லை என்று மறுபடி மறுபடி செய்தி அனுப்பாதீர்கள். காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை இரண்டு நாள் நீங்களும் அனுபவிக்கலாம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

10. விழா முடிந்துவிட்டது என்றால்

அப்போது மறுப்பு என்பதே இல்லை. நீங்கள் வரவில்லை என்பது நாற்காலிக்கே தெரியும். மாற்று ஆள், காரணத்தின் விவரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பதில் எழுதாததற்கும் வராததற்கும் சேர்த்து மன்னிப்பை மட்டும் ஐந்தாறு வரிகளில் எழுதுங்கள். விழாவைப் பற்றி எங்காவது படித்திருந்தால் அதைக் குறிப்பிடலாம். படிக்காமல் ‘விழா சிறப்பாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன்’ என்று எழுத வேண்டாம்.

வெற்றிலை பாக்கு வைத்து, வீட்டுக்கே நேரில் வந்து அழைத்த கல்யாணத்துக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. கால் நடந்து வந்து அழைத்தவர்களுக்குக் கடிதத்தில் மறுப்புச் சொன்னால், எவ்வளவு பணிவாக எழுதினாலும் அது திமிராகவே கொள்ளப்படும். கல்யாணத்துக்கு முந்தின நாளாக இருந்தாலும் நேரில் போய்ச் சொல்லி, மொய்யை அங்கேயே கொடுத்துவிட்டு வர வேண்டும். வெளிநாட்டில் இருந்தால், உங்களுக்காகப் பெற்றோரோ மூத்த சகோதரரோ போக வேண்டும். அவர்கள் அங்கே போய் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நீங்கள் தொலைபேசியில் பேசுங்கள்.